அப்பா போனைப் பிள்ளைகள் எடுக்கும்போது

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டு மாடியிலேயே சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. வீட்டுக்காரர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனால் பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள். "ம்… அப்பா இல்ல" என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறார்கள். யார் கூப்பிட்டது என்று கேட்டால் "யாரோ" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று என்னைத்தான் சொல்கிறார்கள். எப்படிப் பழக்குவது? ஆள் இல்லாத நேரத்தில் என்ன சொல்லச் சொல்வது?

பதில்:

உங்கள் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. "அப்பா இல்ல" என்பதற்கு அடுத்த வரி என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வரி தெரியாதவர்கள் போனை வைக்கத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும், பிறகு இங்கே சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பிலும் வேலை பார்த்தவள். வரவேற்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளைப் பழக்கும் வேலையும் என்னிடம்தான் இருந்தது. காலேஜ் முடித்து வந்தவர்களும் இதே இடத்தில்தான் திக்குவார்கள். டாக்டர் இருந்தால் லைனைக் கொடுத்துவிடலாம். அவர் இல்லாதபோதுதான் பேசத் தெரிய வேண்டும். அதனால் "மரியாதையாப் பேசு" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று வாயில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முதல் வார்த்தையிலிருந்து வருகிறேன். அந்தக் காலத்து லேண்ட்லைனில் கூப்பிட்டவருக்கு யார் எடுப்பார் என்று தெரியாது. அதனால் அவரே "யாரு பேசறது?" என்று கேட்டுக்கொள்வார். செல்போன் அப்படி இல்லை. உங்கள் வீட்டுக்காரர் நம்பருக்குப் போட்டவர், எடுத்தது அவர்தான் என்று நினைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்குப் போய்விடுவார். உங்கள் மகனுக்குக் குரல் உடைந்திருக்கும் வயது வேறு. போனில் அப்பா குரல் மாதிரியே கேட்கும். அவன் வெறும் "ஹலோ" என்று சொன்னால், "டேய் மாப்ளே, அந்தப் பாக்கி விஷயம் என்னடா ஆச்சு" என்று எதிர்முனை ஆரம்பித்துவிடும். பிள்ளை கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவான், கூப்பிட்டவருக்கும் தர்மசங்கடம். எனவே எடுத்த மூச்சிலேயே "ஹலோ, அப்பா போன்தாங்க, நான் பையன் பேசறேன்" என்று சொல்லிவிட வேண்டும். மகள் என்றால் "நான் பொண்ணு பேசறேன்". பெயர் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவருக்கு இதுவே போதும், தெரியாதவருக்குப் பெயர் எதற்கு? வீட்டு போனில் "வணக்கம்" என்று ஆரம்பிப்பது எனக்கு என்னவோ கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. வேண்டாம் என்பேன்.

நம் பக்கத்தில் மரியாதையில் பாதி வேலையை "ங்க" செய்துவிடும். "சொல்லுங்க", "ஆமாங்க", "சரிங்க" என்று வந்தாலே பெரியவர்கள் குளிர்ந்துவிடுவார்கள். "யாரு?" என்பதும் "யாருங்க பேசறீங்க?" என்பதும் ஒரே கேள்விதான், ஆனால் ஒன்று விரட்டுவது போல இருக்கும், மற்றது விசாரிப்பது போல இருக்கும். இன்னொன்று, வீட்டுக்குள் நாம் "அம்மா வந்துச்சு", "அம்மா தூங்குது" என்று பாசமாகச் சொல்வோம். வெளியாள் போனில் அதையே "வந்தாங்க", "போயிருக்காங்க" என்று மாற்றிச் சொல்லப் பழக்குங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆள் இல்லை.

"அப்பா இல்ல" என்று மொட்டையாகச் சொல்வதைப் பெரியவர்கள் அபசகுனமாக எடுத்துக்கொள்வார்கள், அது உங்களுக்கே தெரியும். "வெளிய போயிருக்காங்க" என்று மாற்றினால் அந்தக் குறை போய்விடும். ஆனால் அங்கேயே நிறுத்தினாலும் குறைதான். கூப்பிட்டவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. திரும்பக் கூப்பிடுவதா, காத்திருப்பதா, வேறு யாரிடமாவது சொல்வதா? அதனால் அந்த வரியோடு இன்னும் இரண்டு சேர வேண்டும். ஒன்று, இனி என்ன நடக்கும் என்பது: "வந்ததும் கூப்பிடச் சொல்றேங்க." இன்னொன்று, இப்போதே ஏதாவது சொல்ல வேண்டுமா என்பது: "ஏதாவது சொல்லணுங்களா?" சேர்த்துச் சொன்னால் இப்படி வரும்: "அப்பா வெளிய போயிருக்காங்க. வந்ததும் கூப்பிடச் சொல்றேங்க. ஏதாவது சொல்லணுங்களா?" பிள்ளைகளுக்கு வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த மூன்று வரி நின்றால் போதும்.

காரணம் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும், அதில்தான் பிள்ளைகள் வம்பை இழுத்துவிடுவார்கள். அப்பா மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருப்பார். மகன் "அப்பா படுத்திருக்காரு" என்பான். ஆத்தூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு உடனே பதறும், "ஏன்டா, உடம்புக்கு என்ன?" பக்கத்து வீட்டுப் பிரசவத்தைப் பார்க்க அம்மா போயிருப்பாள். மகள் "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். அடுத்த அரை மணி நேரத்தில் உங்களுக்கு எத்தனை போன் வரும் என்று சொல்ல வேண்டுமா? குளியலறையில் இருப்பதையும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் சேர்த்து ஒரே வரி போதும்: "கை வேலையா இருக்காங்க, கொஞ்ச நேரத்துல கூப்பிடச் சொல்றேங்க." அப்பா தூங்குகிறார், கூப்பிட்டது நெருங்கிய சொந்தம், அவசரம் போலத் தெரிகிறது என்றால், "தூங்கறாங்க, எழுப்பட்டுங்களா?" என்று கேட்கலாம். எழுப்பு என்றால் எழுப்ப வேண்டும். கேட்டுவிட்டு எழுப்பாமல் இருக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை. மாடியில் வெள்ளி இருக்கும் வீடு அது. தெரியாத குரல் "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்கும்போது, "திருப்பூர் போயிருக்காங்க, நாளைக்குத்தான் வருவாங்க, அம்மாவும் கூடப் போயிருக்காங்க" என்று பிள்ளை உண்மையைச் சொன்னால், வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று விளம்பரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கே போனார், எப்போது வருவார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், மூன்றையும் வெளியாளுக்குச் சொல்லக் கூடாது. "இப்ப பேச முடியலைங்க, நம்பர் குடுங்க, கூப்பிடச் சொல்றேன்" என்பதோடு நிறுத்த வேண்டும். இதில் பொய் எதுவும் இல்லை. அப்பா பேச முடியாமல் இருக்கிறார், அவ்வளவே. சொந்தக்காரர் என்றால் "ஆறு மணிக்கு வந்துடுவாங்க மாமா" என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது சேதி வாங்குவது. அதற்கு உங்கள் தொழிலிலிருந்தே ஒரு போனை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் கூப்பிடுகிறார். "தம்பி, மதுரையிலேருந்து பேசறேன். அப்பாகிட்ட சொல்லு, ஏழு இன்ச்சுல நாப்பது ஜோடி, பத்து இன்ச்சுல இருபத்தஞ்சு ஜோடி, திங்கக்கெழமைக்குள்ள வந்து சேரணும். போன தடவை டச்சு கொறஞ்சிருந்துச்சு, இந்தத் தடவை சரியா இருக்கணும்னு சொல்லு." டச்சு என்று அவர் சொல்வது வெள்ளியின் சுத்தத்தை. உங்கள் மகன் இப்போது என்ன செய்வான்? "சரிங்க" என்று சொல்லி வைத்துவிடுவான். சாயங்காலம் அப்பாவிடம் "மதுரைக்காரர் பண்ணாரு, கொலுசு வேணுமாம்" என்பான். மதுரையில் உங்களுக்கு ஒரு கடையா இருக்கிறது?

சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். அவன் முதலில் கேட்க வேண்டியது "மதுரையில எந்தக் கடைங்க?" என்பதுதான். சொந்தக்காரர் என்றால் உறவும் ஊரும் போதும். வியாபாரம் என்றால் கடை, ஊர், பேசியவர் பெயர் மூன்றும் வேண்டும். பிறகு "ஒரு நிமிஷங்க, எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடலாம். அப்படிச் சொன்னால் கூப்பிட்டவர் காத்திருப்பார். சொல்லாமல் தேடினால் லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துவார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும்: "ஏழு இன்ச் நாற்பது ஜோடி, பத்து இன்ச் இருபத்தஞ்சு ஜோடி, திங்கள்கிழமைக்குள்ள. சரிங்களா?" போனில் ஏழும் எட்டும் ஒன்றாகக் கேட்கும். ஆங்கிலத்தில் சொன்னால் பிப்டீனும் பிப்டியும் குழம்பும். பதினைந்து ஜோடியா ஐம்பது ஜோடியா என்பதில் எவ்வளவு வெள்ளி வித்தியாசப்படும் என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். திரும்பப் படிப்பது ஏன் என்று அப்போது நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. போன் நம்பர் வாங்கினால் ஐந்து ஐந்தாகப் பிரித்துத் திரும்பச் சொல்ல வேண்டும். "டபுள் நைன்" என்று அவர் சொன்னால் "ஒன்பது ஒன்பது" என்று இவன் சொல்லிப் பார்க்க வேண்டும். எண்ணி முடித்தால் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஒன்பதுதான் இருக்கிறது என்றால் அங்கேயே கேட்டுவிடலாம்.

டச் குறைந்தது என்று அவர் குறை சொன்னாரே, அதற்குப் பிள்ளை என்ன பதில் சொல்வது? எதுவும் வேண்டாம். "இருக்காதுங்க" என்று அப்பாவுக்கு வக்காலத்தும் வேண்டாம், "ஸாரிங்க, மாத்தித் தர்றோம்" என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "சரிங்க, நீங்க சொன்னதை அப்படியே அப்பாகிட்ட சொல்றேன்" என்பது போதும். ஆர்டரை ஏற்றுக்கொள்வதும் அப்படித்தான். "திங்கக்கெழமை குடுத்துடுவோம்" என்ற வாக்கு பிள்ளை வாயிலிருந்து வரக் கூடாது. "அப்பா பார்த்துட்டுச் சொல்வாங்க" என்றுதான் வர வேண்டும். கூலி என்ன, இன்றைக்கு விலை என்ன என்று கேட்டாலும் இதே பதில். வெள்ளி விலை தினமும் மாறுகிறது. பிள்ளை நேற்றுக் காதில் விழுந்த விலையைச் சொல்லி, அதைப் பிடித்துக்கொண்டு அவர் பேரம் பேச வந்தால் யார் பதில் சொல்வது?

சேதியை எங்கே எழுதுவது? தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், பழைய பில் புக், எதுவாக இருந்தாலும் சரி, சார்ஜர் இருக்கும் இடத்திலேயே பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேனாவை விட வேகமாகப் போனில் அடிப்பார்கள், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்பா போன் வீட்டில் இருந்தால் அவருக்கு அனுப்பிப் புண்ணியமில்லை, அம்மா போனுக்கு அனுப்பட்டும். "மாலை 4.20. மதுரை, இன்ன கடை, இன்னார். 7 இன்ச் 40, 10 இன்ச் 25 ஜோடி. திங்களுக்குள். டச் பற்றிக் குறை சொன்னார். அப்பா இன்றே கூப்பிட வேண்டும்." சேதி சரியாக வாங்கியிருக்கிறானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக்காரர் மகனிடம் எதுவும் கேட்காமல் நேராக மதுரைக்குப் போன் போட முடிகிறதா? முடிந்தால் சரி. "எந்தக் கடைடா, எப்படா பண்ணாரு?" என்று கேட்க வேண்டியிருந்தால் எது விட்டுப்போனது என்று அவனுக்கே தெரிந்துவிடும். அனுப்பியதோடு விடாமல், அப்பா வீட்டுக்குள் வந்ததும் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பார்க்காத மெசேஜால் போன ஆர்டர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும்.

ஏற்காட்டிலிருந்து வரும் போன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்துக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு மலையில் ஒரு சொந்தமோ தெரிந்தவரோ இருப்பார்கள். நாகலூர், செம்மடுவு பக்கம் காபித் தோட்டத்தில் இருப்பவர் ஒருவர் போன் போடுகிறார் என்றால், பல இடங்களில் சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டுக்கோ பாறைக்கோ நடந்து வந்துதான் போடுவார். அவரிடம் "அப்பா வெளிய போயிருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்றால் அவர் மறுபடி அந்த மேட்டுக்கு நடக்க வேண்டும். அப்பா திரும்பக் கூப்பிட்டாலோ அவர் வீட்டுக்குள் இருப்பார், லைனே கிடைக்காது. எனவே மலையிலிருந்து யார் கூப்பிட்டாலும் விஷயத்தை அப்போதே வாங்கிவிட வேண்டும், அதுவும் முக்கியமானதை முதலில். "சித்தப்பா, லைன் விட்டு விட்டு வருது, முதல்ல என்ன சொல்லணுமோ அதைச் சொல்லிடுங்க" என்று பிள்ளை சொன்னால் அது மரியாதைக் குறைவாகாது. பிறகு, "அப்பா எத்தனை மணிக்குக் கூப்பிட்டா உங்களுக்குக் கிடைக்கும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலைப் பாதையில் பஸ்ஸிலிருந்து கூப்பிடுபவர்களும் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவில் லைன் அறுபடும் என்று சொல்ல முடியாது. அறுந்தால் யார் திரும்பக் கூப்பிடுவது? பொதுவாக முதலில் கூப்பிட்டவர்தான் மறுபடி போடுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டால் இருவருக்கும் பிஸி என்றுதான் வரும். ஒரு ரெண்டு நிமிடம் விட்டு, வரவில்லை என்றால் நம் பிள்ளை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். "பாதியில நின்னுடுச்சுங்க, அதான் கூப்பிட்டேன்" என்று அவனே ஆரம்பித்தால் போதும். பெரியவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். நம் பிள்ளைதான் வைத்துவிட்டானோ என்று அவர் ஒரு நிமிடம் நினைத்திருப்பார்.

இனி நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் செய்ய வேண்டியது ஒன்று. வேண்டாத போன் வரும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு "இல்லைன்னு சொல்லு" என்று கையை ஆட்டுவதை நிறுத்துங்கள். அந்தக் கை ஆட்டலைப் பார்த்துத்தான் பிள்ளையின் குரல் மாறுகிறது, எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடுகிறது. சில நேரம் பின்னால் அப்பா இருமுவதே கேட்டுவிடும். பேச விருப்பமில்லாத நேரத்துக்கும் "அப்பாவால இப்ப பேச முடியலைங்க" என்பதே போதும், அது பொய்யாகாது. "பக்கத்துலதான் இருக்காரு போல, குடு" என்று அவர் வற்புறுத்தினால், "கூப்பிடச் சொல்றேங்க" என்று அதையே ஒருமுறை திரும்பச் சொல்லி, "வெச்சிடட்டுங்களா?" என்று கேட்டு வைத்துவிடலாம்.

பாக்கி கேட்டு வரும் போன்கள் எந்தத் தொழில் வீட்டுக்கும் உண்டு. பிள்ளை "நாளைக்குத் தருவாங்க" என்று சொல்லவே கூடாது. கடன் கம்பெனிக்காரர் குரலை உயர்த்தினால், "அப்பாகிட்ட சொல்றேங்க, வெச்சிடறேங்க" என்று வைத்துவிட்டு உங்களிடம் உடனே சொல்ல வேண்டும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரைத் தொல்லை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொல்லியிருக்கிறது. பிள்ளை அதையெல்லாம் எடுத்து வாதாட வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் போனை வைப்பது மரியாதைக் குறைவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மோசடிக் கால்களும் இதே கணக்கில்தான் வரும். பேங்க் என்பார்கள், கரண்ட்டைக் கட் பண்ணப் போகிறோம் என்பார்கள், "உங்கப்பாவுக்கு ஆக்சிடென்ட், உடனே பணம் போடு" என்பார்கள். எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருக்கும்: போனை வைக்க விட மாட்டார்கள். "லைன்லயே இரு, யார்கிட்டயும் சொல்லாத" என்று எவர் சொன்னாலும் அந்த நிமிடமே வைத்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது, பணம் எதுவும் அனுப்பக் கூடாது. விபத்து என்று சொன்னால் வைத்துவிட்டு அப்பாவுக்கோ, அவரோடு போனவருக்கோ தானே போன் போட்டுக் கேட்க வேண்டும். பணம் போயேவிட்டது என்றால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு நீங்கள் கூப்பிட வேண்டும்.

அப்புறம் துக்கச் செய்தி. இதை யாருமே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆனால் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கும்போது அப்படி ஒரு போன் வந்தே தீரும். "தம்பி, வாழப்பாடி தாத்தா தவறிட்டாருப்பா, அப்பாகிட்ட சொல்லிடு." பையன் பழக்க தோஷத்தில் "ஓகேங்க, தேங்க்ஸ்" என்பான். ஆஸ்பத்திரி வரவேற்பில் வளர்ந்த ஆட்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் "ஐயோ… எப்பங்க?" என்ற ஒரு வார்த்தை போதும், ஆறுதல் வசனம் எதுவும் வேண்டாம். ஆனால் கேட்டு வைக்க வேண்டியது இருக்கிறது. எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். எடுக்கும் நேரம் தெரியாமல்தான் பல பேர் முகம் பார்க்காமல் திரும்பி வருகிறார்கள். இந்தச் சேதிக்கு மட்டும் மெசேஜ் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. அப்பா கிடைக்கவில்லை என்றால் அம்மா, அம்மாவும் கிடைக்கவில்லை என்றால் சித்தப்பா என்று ஒருவர் காதில் விழும் வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எப்படிப் பழக்குவது என்றுதானே கேட்டீர்கள். பிள்ளை போனில் இருக்கும்போது பக்கத்தில் நின்று "ங்க போடு, ங்க போடு" என்று உதட்டை அசைக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டு எவராலும் ஒழுங்காகப் பேச முடியாது. போன் வைத்த பிறகும் ஒரு குறைதான் சொல்ல வேண்டும், நாலு அல்ல. ஒத்திகைக்கு நீங்கள் மாடிக்குப் போய் உங்கள் போனிலிருந்து அப்பா போனுக்குக் கூப்பிடுங்கள். ஒரு நாள் மதுரைக் கடைக்காரர், ஒரு நாள் லைன் விட்டு விட்டு வரும் ஏற்காட்டு சித்தப்பா, ஒரு நாள் அதட்டிப் பேசும் ஆள். முகம் பார்த்து நடிக்கச் சொன்னால் பிள்ளைகள் சிரித்து மழுப்புவார்கள், குரலை மட்டும் கேட்டால் ஓரளவு நிஜமாகவே பேசுவார்கள். மகளுக்கு விட்டால் அவளே கடைக்காரராகி அண்ணனை மடக்குவாள். அப்படி மடக்குவதற்காகவே வரிகளை நன்றாகக் கற்றுக்கொள்வாள்.

பிள்ளைகள் போனைக் கண்டு ஓடுவதற்கு இன்னொரு காரணம் சொந்தக்காரர்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்ததும் "நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்பார்கள். தெரியவில்லை என்றால் கோபம். பிறகு மார்க் எவ்வளவு, என்ன குரூப், ஏன் இளைத்துவிட்டாய். பெயர் தெரியாத இடத்துக்கு ஒரு வரி கொடுங்கள்: "குரல் தெரியுதுங்க, சட்டுன்னு பிடிபடல, நீங்களே சொல்லிடுங்க." கேள்விகளிலிருந்து தப்ப இன்னொரு வரி: "நல்லாப் படிக்கறேன் அத்தை. இருங்க, அம்மாகிட்ட குடுக்கறேன்." உங்கள் பக்கத்து வேலை, போனில் பெயர்களைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி மாற்றிப் பதிவது. வீட்டுக்காரர் போனில் வெறும் பெயரும் இனிஷியலுமாக இருந்தால் மாமாவா, சீட்டுக்காரரா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? "ஓமலூர் அத்தை", "ஆத்தூர் பெரியப்பா", "மதுரை கடை" என்று ஊரும் உறவும் போட்டு வைத்தால், மணி அடிக்கும்போதே எந்தக் குரலில் பேச வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாப் போனையும் அவர்கள் எடுக்க வேண்டும் என்றில்லை. பெயர் பதிந்த போன்களை இரண்டு பேரும் எடுக்கலாம். புது நம்பர் என்றால் முதல் தடவை அடித்து ஓயட்டும், உடனே மறுபடி வந்தால் மகன் எடுக்கட்டும். 13 வயது மகளுக்கு அது இப்போது வேண்டாம். 140 என்று தொடங்கும் நம்பர் விளம்பரம்தான், எடுக்கத் தேவையில்லை. அப்பா போனுக்கு வரும் வீடியோ காலை இருவருமே எடுக்க வேண்டாம். யார் என்று பார்த்து எழுதி வைத்தால் போதும்.